லாவும் லோவும்: மலாயிலும் உள்ளூர் ஆங்கிலத்திலும் வாக்கிய ஈற்றில் நிற்கும் சிறு சொற்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்த எழுத்துவடிவம்)



மலேசியாவில் பிறந்து அங்கேயே ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவனைத் தமிழ்த்துறை மேடைக்கு அழைத்து, எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று சொல்லிவிட்டீர்கள். இடைச்சொல்லைப் பற்றிப் பேச இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது. எங்கள் ஊரிலிருந்து இங்கே வரும் உறவினர் பேச்சில் உங்கள் காதில் முதலில் விழுவது வாக்கியத்துக்கு வாக்கியம் வரும் ‘லா’தான். இன்னும் கொஞ்சம் கூர்ந்து கேட்டால் ‘லோ’ என்று ஒன்றும் விழும். இந்த இரண்டாவது சொல்லை ரோமன் எழுத்தில் எழுதும்போது கடைசியில் ஒரு ரகரம் சேர்ப்பார்கள். பேசும்போது அந்த ரகரம் வராது. அதனால் நான் ‘லோ’ என்றே சொல்லப்போகிறேன்.

இவற்றுக்கு என்ன பொருள் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், “சும்மா ஓர் அழுத்தத்துக்குச் சொல்றது” என்பார்கள். மலாய்ப் பள்ளி இலக்கணமும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. அதில் லாவுக்கு ‘பார்த்திகெல் பெனெகாஸ்’ என்று பெயர். உறுதிப்படுத்தும் இடைச்சொல் என்று பொருள். இந்த விளக்கம் போதாது என்பதுதான் என் கட்சி. சொல்பவர் தன் வாக்கியத்தை எவ்வளவு பலமாகச் சொல்கிறார் என்பதை இச்சொற்கள் காட்டுவதில்லை. எதிரே இருப்பவர் மனம் அந்த நொடியில் எங்கே நிற்கிறது என்று சொல்பவர் எடைபோடுகிறாரே, அந்தக் கணக்கைத்தான் இவை காட்டுகின்றன. ‘நீ இன்னும் என் பக்கம் வரவில்லை, வந்துவிடு’ என்பது லா. ‘இதில் நீயோ நானோ முடிவு செய்ய ஒன்றும் மிச்சமில்லை’ என்பது லோ.

1. மலாய் லா: ஒரே சொல், இரண்டு முகம்

முதலில் மலாய். எழுத்து மலாயில் லா தனிச்சொல்லாக நிற்பதில்லை, முந்திய சொல்லோடு ஒட்டிவிடும். ‘பெர்கி’ என்றால் போ. ‘பெர்கிலா’ என்று சேர்த்தே எழுத வேண்டும். அது வாக்கியத்தின் கடைசியில்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. பயனிலை எதுவோ அதைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். ‘டியா’ என்றால் அவர். ‘டியாலா யாங் அம்பில்’ என்றால் ‘அவர்தான் எடுத்தார்’. நம் ‘தான்’ ஒட்டும் இடத்தில் அங்கே லா ஒட்டுகிறது.

பழைய மலாய் உரைநடையில் இதற்கு இன்னொரு வேலை இருந்தது. 1849இல் அச்சான ‘ஹிக்காயாத் அப்துல்லா’ என்னும் தன்வரலாற்றை எடுத்துக்கொள்ளலாம். அதை எழுதிய முன்ஷி அப்துல்லா மலாக்காக்காரர், தமிழ் வம்சாவளியும் கலந்தவர், இளமையில் தமிழும் படித்தவர். அமெரிக்க மொழியியலாளர் பால் ஹாப்பர் 1979இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் அப்துல்லாவின் நடையை ஆராய்ந்து ஒரு போக்கைக் காட்டினார். கதையை முன்னே நகர்த்தும் செயல்களில் லா ஒட்டுகிறது. சூழலை விளக்கும், பின்னணியைச் சொல்லும் வாக்கியங்களில் அது வருவதில்லை. ‘இதுதான் நடந்தது, இதைப் பிடித்துக்கொண்டு வா’ என்று வாசகருக்கு ஆசிரியர் காட்டும் குறி அது. அங்கேயும் லா கேட்பவரை நோக்கியே நிற்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய பேச்சுக்கு வருவோம். ‘டுடுக்’ என்றால் உட்கார். வகுப்பில் ஆசிரியர் மாணவனிடம் வெறும் ‘டுடுக்’ என்பார். வீட்டுக்கு வந்த விருந்தாளி வாசலில் தயங்கி நிற்கும்போது அப்படிச் சொன்னால் முகம் சுளிப்பார். ‘டுடுக்லா’ என்றால் மனம் குளிர்ந்து உட்காருவார். ஆக லா கட்டளையை மென்மையாக்குகிறது. சரி, இப்போது குழந்தை ஓயாமல் கத்துகிறது. தாய் பொறுமை போய் ‘டியாம்லா!’ என்கிறாள். சும்மா இரு என்று பொருள். இங்கே லா கடிக்கிறது. ஒரே சொல், ஒரே ஏவல் வடிவம். ஓரிடத்தில் தடவிக்கொடுக்கிறது, இன்னோரிடத்தில் அடிக்கிறது. ‘அழுத்தம்’ என்ற சொல்லால் இந்த இரண்டையும் எப்படி விளக்குவது? கிளிஃப் கோடார்ட் 1994இல் மலாய் லாவைப் பற்றி எழுதியபோது தலைப்பிலேயே ‘அழுத்தம்’ என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டுத்தான் தொடங்கினார்.

என் விளக்கம் இது. இரண்டு இடத்திலும் லா செய்யும் வேலை ஒன்றுதான். சொல்பவர் விரும்புவதற்கும் கேட்பவர் இப்போது நிற்கும் இடத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அதை மூடு என்கிறது லா. விருந்தாளி விஷயத்தில் அந்த இடைவெளி கூச்சம். உட்கார அவருக்கும் ஆசைதான், தயங்குகிறார். தயக்கத்தை விடு என்றால் அது உபசாரமாகிறது. குழந்தை விஷயத்தில் அந்த இடைவெளி பிடிவாதம். பிடிவாதத்தை விடு என்றால் அது அதட்டலாகிறது. மென்மையும் கடுமையும் கேட்பவரின் நிலையிலிருந்தும் குரலிலிருந்தும் வருகின்றன. லாவின் பைக்குள் அவை இல்லை.

தமிழில் இதற்கு மிக நெருங்கிய உறவு ‘ஏன்’ ஈறுதான். ‘உட்காருங்களேன்’, ‘வாயேன்’ என்று விருந்தாளியிடம் சொல்கிறோம். ‘கொஞ்சம் சும்மா இரேன்’ என்று பிள்ளையிடமும் அதே ஈற்றைப் போடுகிறோம். இதை யாரும் அழுத்தம் என்று சொல்ல மாட்டீர்கள்.

கூற்று வாக்கியத்திலும் இதே கணக்குதான். ‘போலே’ என்றால் முடியும், சரி. ‘போலே’ என்று மட்டும் சொன்னால் ஒப்புதல். ‘போலேலா’ என்று குரலைத் தாழ்த்தி இழுத்தால் ‘ஏதோ பரவாயில்லை’ என்று ஆகிவிடும். சாப்பாடு எப்படி என்று கேட்டவரிடம் ‘போலேலா’ என்று சொன்னால் சமைத்தவர் மகிழ மாட்டார். நீ எதிர்பார்த்த இடத்துக்கு நான் வரவில்லை, இவ்வளவோடு ஒத்துக்கொள் என்பது அதன் உள்ளடக்கம். ‘தாப்பெலா’ என்பதும் அப்படித்தான். பரவாயில்லை, நீ அதை மனத்தில் வைத்துக்கொண்டிருக்காதே என்பது அது.

2. ஆங்கிலத்துக்குள் புகுந்த லா

மலேசிய, சிங்கப்பூர் ஆங்கிலத்தில் லா தனிச்சொல். வாக்கிய முடிவில் நிற்கும். அது மலாயிலிருந்து வந்ததா, ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்ததா என்பது பழைய வழக்கு. ரிச்சர்ட்ஸ், டே இருவரும் 1977இல் ஹொக்கியன் பக்கம் நின்றார்கள். ஹொக்கியனிலும் கான்டனீஸிலும் வாக்கிய ஈற்றில் வரும் லா உண்டு. மலாயில் இருப்பதை இப்போதுதான் பார்த்தோம். சந்தையில் மூன்று மொழிக்காரரும் ஒருவர் லாவை மற்றவர் லாவாகக் கேட்டிருப்பார்கள். இதில் தீர்ப்புச் சொல்லியே தீர வேண்டும் என்ற அவசரம் எனக்கு இல்லை. நம்மவர்களில் சிலர் நெல்லை ‘லே’யைக் கொண்டுவந்து இதற்குத் தாயாக்குவார்கள். லே ஆளைக் கூப்பிடும் சொல், அதுவும் ஆண்பாலை. லாவுக்கு ஆள் தெரியாது. அந்த உறவு ஒட்டாது.

இந்த லா எங்கே வராது என்பதைக் கவனித்தால் அதன் பொருள் தெளியும். ஆம், இல்லை என்றோ ஒரு தகவலாகவோ பதில் தேடும் கேள்வியில் லா வராது. “யூ கமிங் லா?” என்று எங்கள் ஊரில் பிறந்த எவரும் கேட்க மாட்டார். சுற்றுலா வந்தவர் கடைக்காரரிடம் “டாய்லெட் எங்கே லா?” என்ற ரீதியில் ஒட்டவைத்துக் கேட்கும்போது கடைக்காரர் சிரிப்பதற்குக் காரணம் இதுதான். வழி தெரியாமல் கேட்பவரிடம் ஒரு நிலைப்பாடே கிடையாது. பிறகு எதன் பக்கம் எதிராளியை இழுப்பது? மலாயிலும் கேள்விக்கு ‘கா’ என்று வேறு இடைச்சொல் இருக்கிறது; லா அந்தப் பக்கம் போவதில்லை. ஆனால் கேள்வி வடிவில் வரும் புலம்பலில் லா தாராளமாக வரும். “ஒய் யூ லைக் தட் லா” என்றால் கேட்பவர் பதிலை எதிர்பார்க்கவில்லை, ஏன் இப்படிச் செய்கிறாய், விட்டுத்தொலை என்கிறார்.

3. லோ: வேறு வழியில்லை

லோவின் ஊர் கான்டனீஸ். கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் சீனர் பேச்சில் கான்டனீஸ் கை ஓங்கியது, பினாங்கில் ஹொக்கியன். சிங்கப்பூர் ஆங்கிலத்தின் ஈற்றுச்சொற்களுக்கு வயது பார்த்த லிசா லிம் 2007இல் ஒரு பிரிவினை செய்தார். லாவும் ‘ஆ’வும் முதல் படையில் வந்தவை. லோ, ஹோ, லே, மே, மா ஆகியவை பின்னால் கான்டனீஸிலிருந்து வந்தவை; வரும்போது தம் சுருதியையும் கையோடு கொண்டுவந்தவை. சீன மொழிகளில் சுருதி சொல்லின் ஓர் உறுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் லோவைப் பெரும்பாலும் ஒரே மட்டத்தில் தட்டையாகச் சொல்கிறார்கள். லாவையோ ஏற்றலாம், இறக்கலாம், இழுக்கலாம், வெட்டலாம். ஜாக் வாங் 2004இல் சிங்கப்பூர் லாவையே சுருதி பார்த்து மூன்றாகப் பிரித்தார். லோவில் அந்த விளையாட்டுக்கு இடம் குறைவு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு சின்ன நிகழ்ச்சியைக் கட்டுகிறேன். வெள்ளிக்கிழமை மாலை, ஓர் அலுவலகம். இரண்டு பெண்கள். கணக்கு முடியவில்லை, சனிக்கிழமையும் வர வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒருத்தி கேட்கிறாள்: “டுமாரோ ஹவ்?” நாளைக்கு என்ன செய்யப்போகிறாய்?

மற்றவள் சொல்கிறாள்: “கம் லோ.”

இதன் தமிழ் ‘வரவேண்டியதுதான்’. வர அவளுக்கு விருப்பமா என்ற பேச்சே இல்லை. மேலாளர் சொன்னது, கணக்கு முடியாதது, திங்கட்கிழமை கெடு எல்லாம் சேர்ந்து முடிவை எடுத்துவிட்டன. தோழியை அவள் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. இருவரும் ஒரே சுவரின் முன்னால் நிற்கிறார்கள்.

அதே கேள்விக்கு “கம் லா” என்று அவள் சொல்லியிருந்தால் பேச்சு திரும்பிவிடும். ‘நீயும் வாயேன், தனியா நான் என்ன பண்றது’ என்று தோழியைக் கூப்பிடுவதாக ஆகும். அல்லது குரலை வெட்டிச் சொன்னால், ‘வருவேன்தான், இதில் என்ன சந்தேகம்’ என்று கேட்டவளின் ஐயத்தைத் தள்ளுவதாக ஆகும். இரண்டிலும் கேட்டவள் மனத்தில் ஏதோ மாற வேண்டியிருக்கிறது. லோ சொன்னபோது மாறுவதற்கு ஒன்றும் இல்லை.

லோ என்றால் சலிப்பு என்று பல கட்டுரைகளில் எழுதிவிடுகிறார்கள். அது பாதிதான். சலிப்பே இல்லாத லோ ஏராளம். நேரமாகிவிட்டதே என்று புலம்புபவரிடம், “டேக் டாக்சி லோ” என்பார்கள். டாக்சி பிடித்தால் போயிற்று, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று பொருள். வழி சொல்லும்போது, “டர்ன் லெஃப்ட், தென் யூ சீ லோ.” இடப்பக்கம் திரும்பினால் தானாகக் கண்ணில் படும். நடந்ததைச் சொல்லும்போது, “தென் ஹி ஸ்கோல்ட் மீ லோ.” அப்புறம் என்ன, திட்டினார். மூன்றிலும் சலிப்பைத் தேடினால் கிடைக்காது. ஒன்று நடந்தால் அடுத்தது தானே வரும் என்ற தொடர்ச்சி மட்டும் மூன்றிலும் இருக்கிறது. அடுத்து வருவது நமக்குப் பிடிக்காததாக இருந்தால் அந்த லோவில் சலிப்பு ஏறுகிறது. எளிதானதாக இருந்தால் யோசனையாகிறது. லாவில் பார்த்த அதே ஏற்பாடுதான் இது. உணர்ச்சி வெளியிலிருந்து வருகிறது.

எங்கே சிக்கல் வரும் என்றால் ஏவலில். “கோ லா” என்றால் போயேன் என்று ஊக்குவிப்பது. இடம் மாறினால் போய்த்தொலை என்பது. “கோ லோ” என்றால்? போ, உன் இஷ்டம், நான் சொல்ல என்ன இருக்கிறது. நண்பர்களோடு வெளியே போகட்டுமா என்று கணவன் கேட்டு, மனைவி “கோ லா” என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பலாம். “கோ லோ” என்று தட்டையாக வந்தால் உட்கார்ந்து நிலைமையை விசாரிப்பது நல்லது. அனுமதி இரண்டிலும் உண்டு. ஆனால் லா அனுமதியில் அவள் அவன் பக்கம் திரும்பிப் பேசுகிறாள். லோ அனுமதியில் விலகிக்கொண்டுவிட்டாள். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். லோவை லாவின் மெல்லிய வடிவம் என்று எண்ணி, உபசரிக்கும் இடத்தில் “ஈட் லோ” என்று சொல்லிவிடுகிறார்கள். வேறென்ன செய்ய, தின்னு என்று அது விருந்தாளி காதில் விழுகிறது.

4. கூட இருப்பவை, சுருக்கமாக

மற்றவற்றை நீட்டப்போவதில்லை. ஏந்தியா ஃபிரேசர் குப்தா 1992இல் சிங்கப்பூர் ஆங்கிலத்தின் ஈற்றுச்சொற்களை உறுதிப்பாட்டின் அளவை வைத்து ஒரு வரிசையாக அடுக்கினார். ஒரு முனையில் எதிர்த்துப் பேசுபவை, நடுவே உறுதியாகச் சொல்பவை, மறுமுனையில் தயங்கிக் கேட்பவை. லாவும் லோவும் நடுவில். ‘வாட்’ எதிர்க்கும் முனையில் நிற்கிறது. ஆள் வரவில்லை என்பவரிடம் “ஹி இஸ் ஹியர் வாட்” என்றால், ‘இங்கேதானே இருக்கார், கண்ணு தெரியலயா’ என்று பொருள். அது கேள்வி அல்ல, சுருதி கீழே இறங்கும். ‘ஹோ’ தயங்கும் முனை, சொல்லிவிட்டு ‘இல்லையா?’ என்று ஒப்புதல் தேடும். மலாயில் இந்த வேலையைச் செய்வது ‘கான்’; ‘புக்கான்’ என்பதன் சுருக்கம் அது.

‘மே’ மட்டும் ஒரு நிமிடம் கேட்கும். அது கேள்விச்சொல், சுருதி உச்சத்தில் நிற்கும். “கேன்?” என்றால் முடியுமா. “கேன் மே?” என்றால் ‘முடியுமாக்கும்? முடியாது என்றல்லவா நினைத்தேன்’. லா ஏற்காத ஆம், இல்லைக் கேள்வியை மே ஏற்கிறது, ஏனென்றால் இங்கே கேட்பவரிடம் ஏற்கெனவே ஒரு நிலைப்பாடு இருக்கிறது. அது ஆட்டம் கண்டுவிட்டது என்பதைத்தான் மே சொல்கிறது.

5. நம் பேச்சில் லா

கடைசியாக மலேசியத் தமிழ். ‘வா லா’, ‘சரி லா’, ‘தெரியல லா’ என்று தமிழ் வாக்கியத்திலும் லா வந்து உட்கார்ந்துவிட்டது. தமிழில் ஈற்றுச்சொல்லுக்குப் பஞ்சமா என்று நீங்கள் கேட்கலாம். தொல்காப்பிய இடையியல் ஏகாரம் ஒன்றுக்கே ஐந்து வேலை சொல்கிறது, ஓகாரத்துக்கு ஆறு. எல்லாவற்றுக்கும் ‘அழுத்தம்’ என்று ஒரே முத்திரை குத்தாமல் தேற்றம், வினா, பிரிநிலை என்று பிரித்துப் பார்த்த அந்தக் கண்தான் லாவுக்கும் தேவை என்பதால் அதை இங்கே சொல்கிறேன்.

இவ்வளவு இருந்தும் லா ஏன் நுழைந்தது? என் கணிப்பைச் சொல்கிறேன். பேச்சுத் தமிழில் வாக்கிய முடிவில் நாம் போடும் டா, டி, ப்பா, ம்மா, ங்க எல்லாம் எதிரே இருப்பவர் யார் என்று சொல்லிவிடும். ஆணா பெண்ணா, சின்னவரா பெரியவரா, நெருக்கமா தூரமா என்பதைத் தீர்மானிக்காமல் அவற்றில் ஒன்றைக்கூட வாயில் எடுக்க முடியாது. லாவுக்கு அந்தக் கவலை இல்லை. தங்கையிடம் ‘வா லா’, பக்கத்து வீட்டு அக்காவிடம் ‘வாங்க லா’. மரியாதையை ‘ங்க’ பார்த்துக்கொள்கிறது. இழுக்கும் வேலையை மட்டும் லா செய்கிறது. நம் ‘ஏன்’ ஈறும் ஆள் பார்ப்பதில்லை என்பீர்கள். உண்மைதான், ஆனால் அது ஏவலோடு நின்றுவிடும். ‘தெரியலயேன்’ என்று சொல்ல வழியில்லை. லா ஏவலிலும் ஒட்டும், கூற்றிலும் ஒட்டும், ‘சரி’ என்ற ஒற்றைச் சொல்லிலும் ஒட்டும்.

லாவுக்கும் எல்லை உண்டு. வேலைக்கான நேர்காணலில் மலேசிய இளைஞர் ஆங்கிலத்தில் லா சொல்லாமல் பார்த்துக்கொள்வார். கோயில் நிர்வாகக் கூட்டத்தில் தமிழில் பேசும் பெரியவர் மேடையில் இருக்கும்வரை லா வராது. தேநீர் மேசைக்கு வந்ததும் வந்துவிடும். பாலும் வயதும் பார்க்காத லா, இடத்தை மட்டும் பார்க்கிறது. எதிராளியைத் தன் பக்கம் இழுக்க ஓரளவு உரிமை வேண்டும். மேடையில் அந்த உரிமையை யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

கைப்பேசிச் செய்திகளில் இன்னொரு சுவையான பிரச்சினை இருக்கிறது. லாவின் பாதி வேலை சுருதியில் நடக்கிறது, எழுத்தில் சுருதி கிடையாது. ‘ஓகே லா’ என்று வரும் பதிலை ஒப்புதலாகவும் படிக்கலாம், அரைமனதாகவும் படிக்கலாம், நச்சரிக்காதே என்றும் படிக்கலாம். அதனால் பிள்ளைகள் லாவின் அகரத்தை இரண்டு மூன்றாக நீட்டி எழுதிக் குரலை உள்ளே கொண்டுவரப் பார்க்கிறார்கள். லோ ஏறக்குறைய ஒரே சுருதியில் நிற்பதால் எழுத்தில் அவ்வளவு கெடுவதில்லை. ‘ஓகே லோ’ என்று வந்தால், ஒப்புக்கொண்டுவிட்டார், ஆனால் அது அவர் எடுத்த முடிவல்ல என்று அங்கே எவருக்கும் தெரியும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்களேன்.